பரீட்சைக்கு 8 வாரம் இருக்கா? ரிவிஷனை இடைவெளி விட்டு ஃபோன் ரிமைண்டர்ல செட் பண்றது எப்படி

படிச்சதை 2 நாள் கழிச்சு, 1 வாரம் கழிச்சு, 3 வாரம் கழிச்சுன்னு விட்டு விட்டு திரும்பிப் பார்த்தா மறக்காதுங்கறது நிறைய பேருக்குத் தெரிஞ்ச விஷயம்தான். அதை ஃபோன்ல ரிமைண்டரா போட உட்காரும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்குது. முதல் வாரம் நல்லா போகும், மூணாவது நாலாவது வாரத்துல ஒரே நாள்ல ஏழெட்டு நோட்டிஃபிகேஷன் வந்து நிக்கும், எதை முதல்ல பார்க்கறதுன்னு தெரியாம எல்லாத்தையும் தள்ளி விட்டுடுவோம், அதோட அந்த ஆப்பைத் திறக்கவே மனசு வராது. நானும் இதுல ரொம்ப நாள் தடுமாறித்தான் ஒரு முறைக்கு வந்தேன், அதை அப்படியே எழுதறேன். 20 பாடம், 8 வாரம்னு ஒரு கணக்கை எடுத்துக்கிட்டு முழுசா போட்டுக் காட்டறேன், உங்க எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

1. ஆப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

மூணே விஷயம். பரீட்சை தேதி (அறிவிப்புல இருக்கற தேதியைப் பார்த்து எழுதுங்க, யாரோ சொன்னதை வச்சு இல்ல), முழு சிலபஸ், ஒரு வெள்ளைத்தாள். சிலபஸைப் பார்த்து பாடங்களை ஒண்ணு ஒண்ணா தாள்ல எழுதுங்க. இங்க ஒண்ணு கவனிக்கணும், புத்தகத்துல ஒரு பாடம்னு இருக்கறது எல்லாம் ஒரே அளவு இல்ல. 10 பக்கத்துல ஒண்ணு இருக்கும், 45 பக்கத்துல ஒண்ணு இருக்கும். ஒரே உட்கார்வுல படிச்சு முடிக்க முடியாததை ரெண்டா உடைச்சு, ரெண்டு பாடமா எண்ணிக்கோங்க, இல்லன்னா அந்தப் பெரிய பாடத்தோட ரிவிஷன் வர்ற நாள்ல மத்த எல்லாம் நின்னு போயிடும்.

செலவுன்னு பார்த்தா பணம் எதுவும் தேவையில்ல. ஃபோன்லயே வர்ற ரிமைண்டர் ஆப், இல்லன்னா கூகுள் டாஸ்க்ஸ், இது போதும். காசு கட்டி எடுக்கற ஆப்புல இருக்கற லேபிள், கலர், கிராஃப் எதுவும் இந்த வேலைக்கு அவசியமில்ல. நமக்கு வேண்டியது ஒரு தலைப்பு, கீழ குறிப்பு எழுத கொஞ்சம் இடம், தேதி, நேரம், அந்தத் தேதியை சுலபமா மாத்தற வசதி, அவ்வளவுதான். நேரம் மட்டும் செலவாகும், தாள்ல கணக்கு போட்டு ஆப்புல ஏத்த ஆரம்பத்துல ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கோங்க.

2. இடைவெளியை முடிவு பண்ணுங்க

நெட்ல தேடினா ஆளாளுக்கு ஒரு வரிசை கொடுப்பாங்க, 1-3-7-15ம்பாங்க, 1-7-30ம்பாங்க. அதுல எதுவும் மந்திர எண் இல்ல. 2008ல செபெடாவும் அவர் கூட இருந்தவங்களும் செஞ்ச ஆராய்ச்சில, படிச்சதுக்கும் அதைத் திரும்பிப் பார்த்ததுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விட்டா நல்லா ஞாபகம் இருக்குன்னு பார்த்தாங்க. டெஸ்ட் 1 வாரத்துல இருந்தா அந்தக் காலத்துல 20ல இருந்து 40 சதவீதம், அதாவது சுமார் ஒண்ணரை நாள்ல இருந்து மூணு நாள் இடைவெளி, டெஸ்ட் 1 வருஷம் தள்ளி இருந்தா 5ல இருந்து 10 சதவீதம், அதாவது சுமார் 18ல இருந்து 36 நாள்னு வந்துச்சு. அதாவது பரீட்சை எவ்வளவு தூரத்துல இருக்கோ அதைப் பொறுத்து இடைவெளியும் நீளும். ஒரு நாள் ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆனா குடி முழுகிப் போகாதுங்கறதும் இதுலயே அடங்கியிருக்கு.

8 வாரத்துக்கு நான் வைக்கச் சொல்றது, படிச்ச நாள்ல இருந்து எண்ணி 2வது நாள், 7வது நாள், 21வது நாள். முதல் ரெண்டு வாரத்துல படிச்ச பாடத்துக்கு மட்டும் 42வது நாள் இன்னொரு தடவை, ஏன்னா அதோட 21வது நாள் ரிவிஷன் முடிஞ்சு பரீட்சைக்கு இன்னும் நாலஞ்சு வாரம் இருக்கும், அவ்வளவு பெரிய இடைவெளி விட்டா நழுவிடும்.

7, 21, 42 எல்லாம் 7ஆல வகுபடற எண்ணா எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. திங்கட்கிழமை படிச்ச பாடம் எப்பவும் திங்கட்கிழமைதான் திரும்பி வரும். எந்தக் கிழமைல எவ்வளவு சுமைன்னு மனசுலயே கணக்கு போட முடியும், 10, 30னு வச்சா அது முடியாது.

பரீட்சைக்கு 3 வாரம்தான் இருக்குன்னா 2வது நாள், 7வது நாள் ரெண்டு மட்டும் போதும், மத்ததை விட்டுடுங்க.

3. சுமையைத் தாள்ல கணக்கு போடுங்க, இதைத் தாண்டிப் போகாதீங்க

நாலாவது வாரத்துல எல்லாம் சரிஞ்சு விழறதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்ல, இந்தக் கணக்கைப் போடாததுதான். ஒரு பாடத்துக்கு மூணு ரிவிஷன்னா கம்மியாத்தான் தெரியும், ஆனா 20 பாடத்துக்கு 60, அதோட முதல் ரெண்டு வாரத்து 8 பாடத்துக்கு நாலாவது தடவை, ஆக மொத்தம் 68. இந்த 68ம் சமமா பரவாது, நடுவுல குவியும்.

நம்ம கணக்கை எடுத்துக்கோங்க. ஜனவரி 5, 2026 திங்கட்கிழமை ஆரம்பிக்கறோம், பரீட்சை மார்ச் 2 திங்கட்கிழமை, நடுவுல சரியா 8 வாரம். வாரத்துக்கு 4 புதுப் பாடம், திங்கள் செவ்வாய் புதன் வியாழன், 5 வாரத்துல 20 பாடமும் முடிஞ்சுடும். அப்போ ரிவிஷன் எப்படி விழும்னா முதல் வாரம் 4, ரெண்டாவது வாரமும் மூணாவது வாரமும் 8, நாலாவதும் அஞ்சாவதும் 12, அதுக்கப்புறம் மூணு வாரமும் 8. நாலாவது வாரத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க, அந்த வாரப் பாடங்களோட 2வது நாள் ரிவிஷன், போன வாரப் பாடங்களோட 7வது நாள், முதல் வாரப் பாடங்களோட 21வது நாள், மூணும் ஒரே நேரத்துல வந்து உட்காருது, அதுக்கு மேல 4 புதுப் பாடமும் படிக்கணும்.

கிழமை வாரியா பார்த்தா அந்த ரெண்டு வாரத்துல திங்கள் செவ்வாய்க்கு ஒரு புதுப் பாடமும் 2 ரிவிஷனும், புதன் வியாழனுக்கு ஒரு புதுப் பாடமும் 3 ரிவிஷனும், வெள்ளி சனிக்கு ஒரே ஒரு ரிவிஷன், ஞாயிறு காலி. ஒரு ரிவிஷனுக்கு 10ல இருந்து 15 நிமிஷம்னு வச்சா ரொம்ப கனமான நாள்லகூட முக்கால் மணி நேரத்துக்கு மேல போகாது. இது தாங்கும்.

இதே 8 வாரத்துக்குள்ள 30 பாடம் இருக்குன்னா வாரத்துக்கு 6 புதுப் பாடம், நாலாவது அஞ்சாவது வாரத்துல 18 ரிவிஷன். இது நிறைய பேருக்குத் தாங்காது. அப்போ நல்லா தெரிஞ்ச பாடம் எதெதுன்னு பார்த்து அதுக்கு 2வது நாள் ரிவிஷனை எடுத்துட்டு 7, 21 மட்டும் வைங்க. பாரத்தைக் குறைக்கணும்னா இந்தத் தாள்லயே குறைச்சுடுங்க, ஆப்புல ஏத்தினதுக்கு அப்புறம் குறைக்கறது நடக்காத காரியம்.

வெள்ளி, சனி, ஞாயிறு லேசா இருக்கேன்னு அங்க புதுசா எதையும் சொருகாதீங்க. தவறிப் போனதெல்லாம் வந்து விழறதுக்கு அந்த இடம் வேணும், பின்னாடி 6வது படில இது எப்படி உதவுதுன்னு பார்ப்போம்.

4. ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு ரிமைண்டர்

இந்தக் கட்டுரைல நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கறது இதுதான். 68 ரிவிஷன் இருக்குன்னு 68 ரிமைண்டர் போடாதீங்க. 20 பாடத்துக்கு 20 ரிமைண்டர். ஒவ்வொரு தடவை ரிவிஷன் முடிச்சதும் அதே ரிமைண்டரோட தேதியை அடுத்த நாளுக்கு மாத்துங்க, அவ்வளவுதான்.

ஏன்னா, 68ஐயும் முன்கூட்டியே போட்டுட்டீங்கன்னு வைங்க, ஒரு பாடத்தோட 7வது நாள் ரிவிஷன் நாலு நாள் தள்ளிப் போச்சு, அப்போ 21வது நாளும் 42வது நாளும் தள்ளணும், ரெண்டையும் தேடி எடுத்து மாத்தணும். ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரம் போச்சுன்னா எத்தனையை மாத்துவீங்க, மாத்த மாட்டீங்க, அதான் நிஜம். ஒரே ரிமைண்டரா இருந்தா அது எங்க நிக்குதோ அங்கயே நிக்கும், செஞ்ச நாள்ல இருந்து அடுத்ததை எண்ணிக்கலாம்.

ஆப்புல இருக்கற Repeat வசதியும் இதுக்கு உதவாது, அது சம இடைவெளிலதான் திரும்பி வரும், நமக்கு விரிஞ்சுக்கிட்டே போற இடைவெளி வேணும். 3 நாளைக்கு ஒரு தடவைன்னு 20 பாடத்துக்கும் Repeat போட்டீங்கன்னா கடைசில தினமும் ஆறேழு ரிவிஷன் வந்து நிக்கும், அதுல பாதி நேத்துதான் பார்த்த மாதிரி இருக்கும்.

டோடோயிஸ்ட் மாதிரி ஆப் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம், அதுல `every 7 days`னு எழுதினா பழைய தேதில இருந்து எண்ணும், `every! 7 days`னு ஆச்சரியக்குறி போட்டு எழுதினா நீங்க முடிச்ச நாள்ல இருந்து எண்ணும். ரெண்டாவது நம்ம வேலைக்குக் கொஞ்சம் கிட்ட வருது, ஆனாலும் இடைவெளி விரியாது, ஒவ்வொரு தடவையும் எண்ணை மாத்தணும், அதுக்கு தேதியையே கையால மாத்திடலாம்.

இந்த முறைல இருக்கற ஒரே ஆபத்து, ரிவிஷன் முடிச்ச சந்தோஷத்துல விரல் தன்னால போய் டிக் பண்ணிடும், ரிமைண்டர் மறைஞ்சுடும், அந்தப் பாடம் அதுக்கப்புறம் வரவே வராது. அதனால பழக்கம் இப்படி இருக்கட்டும், தேதியை மாத்தறதுதான் முடிச்சதுக்கு அடையாளம், டிக் கடைசி ரிவிஷனுக்கு மட்டும். வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, லிஸ்ட்ல எத்தனை பாடம் இருக்குன்னு எண்ணுங்க. இதுவரைக்கும் படிச்சது 12 பாடம், லிஸ்ட்ல 11தான் இருக்குன்னா ஒண்ணு முடிச்ச பட்டியலுக்குப் போயிருக்கு, அங்க இருந்து மீட்டெடுங்க.

5. ரிமைண்டருக்குள்ள என்ன எழுதறது

"பாடம் 4 படிக்கணும்"னு எழுதினா அது வந்ததும் புத்தகத்தைத் திறந்து வரிசையா வாசிக்க ஆரம்பிச்சுடுவோம். வாசிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும், மூடி வச்சுட்டு எழுதச் சொன்னா வராது. ரிவிஷன்னா புத்தகத்தை மூடி வச்சுட்டு ஞாபகத்துல இருந்து வெளிய எடுக்கறதுதான். அதனால ரிமைண்டர்ல கேள்வியை எழுதுங்க.

பாடத்தைப் படிச்சு முடிச்ச அன்னைக்கே, புத்தகம் கையில இருக்கும்போதே மூணு கேள்வி எழுதிடணும். ஒண்ணு ஏன் எப்படின்னு கேக்கறது, ஒண்ணு வரைய வேண்டியது இல்லன்னா வரிசையா சொல்ல வேண்டியது, ஒண்ணு போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இல்லன்னா உதாரணம். ஒளிவிலகல் பாடத்தை ஜனவரி 5ஆம் தேதி படிச்சீங்கன்னா ரிமைண்டர் இப்படி இருக்கும்.

தலைப்பு: ஒளிவிலகல் – ரிவிஷன் 1
குறிப்பு:
படிச்சது ஜன 5
1) காத்துல இருந்து கண்ணாடிக்குள்ள போற ஒளி எந்தப் பக்கம் வளையும், ஏன்?
2) முழு அக எதிரொளிப்புக்குப் படம் வரைஞ்சு, நடக்கறதுக்கான ரெண்டு நிபந்தனையைச் சொல்லு
3) கண்ணாடியோட ஒளிவிலகல் எண் 1.5, படுகோணம் 30°, விலகுகோணம் எவ்வளவு?
விடை: நோட்டு பக்கம் 14
தேதி: ஜன 7, மாலை 6:30

விடையை ரிமைண்டர்லயே எழுதாதீங்க, பக்க எண் மட்டும் போதும். கீழயே விடை இருந்தா கண்ணு அங்கதான் போகும். மூணாவது கேள்விக்கு sin r = 0.5 ÷ 1.5, அதாவது 0.333, கோணம் 19.5° கிட்ட வரும், அது நோட்டுல 14ஆம் பக்கத்துல இருக்கட்டும். தலைப்புல கேள்வி வேண்டாம், பாடம் பேரும் ரிவிஷன் நம்பரும் மட்டும், ஏன்னா நோட்டிஃபிகேஷன்ல தலைப்புதான் முதல்ல தெரியும், பஸ்ல போகும்போது கேள்வியை அரைகுறையா பார்த்துட்டா அப்புறம் உட்காரும்போது அது புதுக் கேள்வியா இருக்காது.

மூணாவது ரிவிஷன் வரும்போது ஒரு விஷயம் நடக்கும், கணக்கைப் போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 19.5னு மனசுல வந்துடும். அப்படி வந்தா உங்களுக்குப் பாடம் ஞாபகம் இருக்குன்னு அர்த்தம் இல்ல, அந்த விடை ஞாபகம் இருக்குன்னுதான் அர்த்தம். உடனே எண்ணை மாத்துங்க, படுகோணம் 45°ன்னு வைங்க, இல்லன்னா பழைய கேள்வித்தாள்ல இருந்து அதே பாடத்துக் கேள்வி ஒண்ணை அந்த இடத்துல போடுங்க.

ரிவிஷன் முடிஞ்சதும் தேதியை மாத்தறதோட தலைப்புல இருக்கற நம்பரையும் ஒண்ணு கூட்டிடுங்க. அதைப் பார்த்தாலே அடுத்த இடைவெளி எவ்வளவுன்னு தெரியும். ரிவிஷன் 1 முடிஞ்சா 5 நாள் கூட்டணும், ரிவிஷன் 2 முடிஞ்சா 14 நாள், ரிவிஷன் 3 முடிஞ்சா 21 நாள். ஒளிவிலகல் பாடத்துக்கு ஜன 7, ஜன 12, ஜன 26, பிப் 16னு வரும், முதல் தேதியைத் தவிர மத்ததெல்லாம் திங்கட்கிழமை.

6. தவறினா, விடை வரலைன்னா

இது ரெண்டும் வேற வேற, ஒரே மாதிரி கையாளக் கூடாது.

நாள் தவறிப் போச்சுன்னா, செஞ்ச நாள்ல இருந்து அடுத்த இடைவெளியை எண்ணுங்க. ஒளிவிலகலோட ரிவிஷன் 2 ஜன 12ல செய்ய வேண்டியது, ஜன 15 வியாழக்கிழமைதான் செய்ய முடிஞ்சுது. 14 நாள் கூட்டினா ஜன 29, அதுவும் வியாழன், நாலாவது வாரம். அன்னைக்கு ஏற்கெனவே ஒரு புதுப் பாடமும் 3 ரிவிஷனும் இருக்கு. அதனால ஜன 30 வெள்ளிக்குத் தள்ளிடுங்க, அன்னைக்கு ஒண்ணுதான் இருக்கு. அங்க இருந்து 21 நாள் கூட்டினா பிப் 20, அதுவும் லேசான வெள்ளிக்கிழமைதான், பரீட்சைக்கு இன்னும் 10 நாள் இருக்கு, சரியா வருது. வெள்ளியையும் சனியையும் காலியா விடச் சொன்னது இதுக்குத்தான்.

தவறினது நிறைய சேர்ந்துடுச்சுன்னா, ஒரு வாரம் முழுசா போச்சுன்னா, எல்லாத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை முடிச்சுடலாம்னு உட்காராதீங்க. ரிவிஷன் 1ல நிக்கற பாடங்களை முதல்ல எடுங்க, ஏன்னா ஒரே ஒரு தடவை படிச்சு விட்டது அதுதான், சீக்கிரம் மறந்து போறதும் அதுதான். ரிவிஷன் 3ல இருக்கறது இன்னும் நாலஞ்சு நாள் தாங்கும். அந்த வாரம் புதுப் பாடத்தை நாலுக்குப் பதிலா ரெண்டாக்கிக்கோங்க, அப்போதான் பாக்கி தீரும்.

விடை வரலைங்கறது வேற. மூணு கேள்வில ரெண்டு கேள்வியாவது சரியா வந்துச்சுன்னா, வராததை நோட்டைப் பார்த்து சரி பண்ணிட்டு வழக்கமான இடைவெளிக்குப் போங்க. ஒண்ணுதான் வந்துச்சு, இல்லன்னா ஒண்ணுமே வரலைன்னா, அடுத்த இடைவெளிக்குப் போகக் கூடாது. பாடத்தை அன்னைக்கே திரும்பப் படிச்சுட்டு, தேதியை 2 நாள் கழிச்சு வைங்க, தலைப்புல நம்பரைக் கூட்டாதீங்க. 2 நாள் கழிச்சு வந்துச்சுன்னா அப்போ இருந்து பழையபடி மேல போகலாம். ஒரே பாடம் ரெண்டு தடவை இப்படி விழுந்துச்சுன்னா ரிமைண்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல, பாடம் புரியலைன்னு அர்த்தம், யாருகிட்டயாவது கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு புதுப் பாடமா முதல்ல இருந்து ஆரம்பிங்க.

இதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி நேரம். ஒரு ரிவிஷன் 20 நிமிஷத்தைத் தாண்டுதுன்னா நீங்க ரிவிஷன் பண்ணலை, திரும்பப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க.

7. ஃபோன் செட்டிங்ஸ், ஒரு ராத்திரி டெஸ்ட் பண்ணுங்க

நீங்க எவ்வளவு சரியா தேதி போட்டாலும் நோட்டிஃபிகேஷன் வராம போனா வீண்தான். ஆண்ட்ராய்ட்ல மூணு இடம் பார்க்கணும். ஆப்போட நோட்டிஃபிகேஷன் அனுமதி (ஆண்ட்ராய்ட் 13ல இருந்து ஆப் தனியா கேக்கும், அவசரத்துல வேண்டாம்னு அமுக்கியிருப்போம்), Alarms & reminders அனுமதி (இது இல்லைன்னா சில ஆப்ல சொன்ன நேரத்துக்கு வராம பின்னாடி வரும்), அப்புறம் பேட்டரி பகுதில அந்த ஆப்பை Unrestricted பண்றது. இன்னொண்ணு, செட்டிங்ஸ்ல போய் ஆப்பை Force stop பண்ணினா நீங்க மறுபடி திறக்கற வரைக்கும் எந்த ரிமைண்டரும் வராது. ஃபோனைச் சுத்தம் பண்றோம்னு சொல்ற ஆப் வச்சிருந்தா அது ரிமைண்டர் ஆப்பைத் தொடாம பார்த்துக்கோங்க.

ஐஃபோன்ல Focus போட்டிருந்தா ரிமைண்டர் சத்தம் இல்லாம உள்ள போய் உட்கார்ந்துடும், படிக்கறதுக்காகவே Focus போடறவங்க நிறைய, அதுல ரிமைண்டர் ஆப்புக்கு விதிவிலக்கு கொடுங்க. தேதி மட்டும் போட்டு நேரம் போடாம விட்டா ஐஃபோன் ரிமைண்டர்ஸ் நீங்க மாத்தாத வரைக்கும் காலைல 9 மணிக்குத்தான் சொல்லும், அப்போ நீங்க வகுப்புலயோ வேலையிலயோ இருப்பீங்க. எந்த ஆப்பா இருந்தாலும் நேரத்தையும் சேர்த்தே போடுங்க.

எல்லாம் சரியான்னு பார்க்க 5 நிமிஷம் கழிச்சு ஒரு ரிமைண்டர் போட்டுப் பார்க்கறது போதாது, ஃபோன் கையில முழிச்சுக்கிட்டு இருக்கும்போது எல்லாமே வரும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மறுநாள் காலைல 6:10க்கு ஒண்ணு போட்டுட்டு, சார்ஜர்ல இருந்து எடுத்துட்டு, ஃபோனைத் தொடாம வைங்க. ஆண்ட்ராய்ட் ஃபோன் ரொம்ப நேரம் அசையாம கிடந்தா ஆப்களைத் தூங்க வச்சுடும், அந்தத் தூக்கத்துல இருந்தும் சரியான நேரத்துக்கு வருதான்னு இப்பதான் தெரியும். 6:10க்கு வராம நீங்க ஃபோனை எடுத்ததும் வந்துச்சுன்னா பேட்டரி செட்டிங்தான் காரணமா இருக்கும், திரும்பிப் போய்ப் பாருங்க.

நேரத்தைப் பத்தி ஒண்ணு. எல்லாப் பாடத்துக்கும் ஒரே நேரம் வைங்க, மேல சொன்ன மாதிரி 6:30ன்னா எல்லாமே 6:30. ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு நேரத்துல வச்சா நாள் முழுக்க ஃபோன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், மூணும் சேர்ந்து வந்தா ஒரே உட்கார்வுல முடிச்சுட்டு எழுந்துடலாம். அந்த நேரம் நீங்க ஏற்கெனவே மேஜைல உட்கார்ந்திருக்கற நேரமா இருக்கணும். வந்து சேர்ற நேரமா, சாப்பிடற நேரமா இருந்தா கை Snooze பக்கம்தான் போகும், தொடர்ந்து மூணு நாள் Snooze அமுக்கறீங்கன்னா நேரத்தை அரை மணி நேரம் தள்ளி வைங்க.

8. கடைசி வாரம்

நம்ம கணக்குல பிப் 26 வியாழக்கிழமையோட திட்டமிட்ட ரிவிஷன் எல்லாம் முடியுது. 27, 28, மார்ச் 1 மூணு நாளும் லிஸ்ட்ல எதுவும் இருக்கக் கூடாது, பாக்கி ஏதாவது தள்ளிக்கிட்டு அங்க வந்திருந்தா அது மட்டும். இந்த மூணு நாளுக்கு லிஸ்ட்டைத் திறந்து, நம்பர் கூட்டாம திரும்பத் திரும்ப விழுந்த பாடங்கள் எதெதுன்னு பாருங்க, மூணோ நாலோதான் இருக்கும், அதுக்கு மட்டும் நேரம் கொடுங்க. தேதியைக் கூட்டும்போது மார்ச் 2க்கு அந்தப் பக்கம் விழற எதையும் வைக்காதீங்க, பிப் 26க்கு முன்னாடி இருக்கற லேசான நாளுக்குக் கொண்டு வாங்க, இல்லன்னா அதை அங்கயே டிக் பண்ணி முடிச்சுடுங்க.

பரீட்சை அன்னைக்கு எழுந்திருக்க ரிமைண்டர் ஆப்பை நம்பாதீங்க, அது ஒரு தடவை சத்தம் போட்டு நிறுத்திடும். கடிகார ஆப்புல அலாரம் வைங்க, அதையும் முந்தின நாள் காலைல அதே நேரத்துக்கு ஒரு தடவை அடிக்க விட்டுப் பாருங்க.